கடன் பிரிவா, திறைசேரியா? வங்கியில் இருக்கும் அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு கேள்வி

வணக்கம். என் தங்கச்சி ஏ.எல். வர்த்தகப் பிரிவு முடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் பயிலுநராக இருக்கிறாள். இப்ப கவுண்டர் வேலை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆட்சேர்ப்புப் பரீட்சைகளுக்கும் படிக்கிறாள். அரச வங்கியில் சேவைக்காலமும் பரீட்சையும் பார்த்துத்தான் ஏணி நகரும், தனியாரில் இலக்கை எட்டினால் வேகமாக ஏறலாம் என்கிறார்கள். அது ஓரளவு விளங்குகிறது.

குழப்பம் துறையில்தான். திறைசேரி என்றால் அவளுக்கு ஆசை; நாணய மாற்று, திறைசேரி உண்டியல் வாங்கல் விற்றல் எல்லாம். ஆனால் அந்த மேசை கொழும்புத் தலைமையகத்தில்தானே?

கடனை இங்கேயே பழகலாம். போன கிழமை அதிகாரி ஒரு கடன் விண்ணப்பத்தை அவளுக்குக் காட்டினாராம். கடைக்காரருக்கு மாதம் 1,20,000 ரூபா மிச்சம். கேட்ட கடனின் தவணை 50,000. தாராளம் போலத் தெரிந்தது. கிரிப் அறிக்கையை எடுத்தால் 45,000 லீசிங் தவணை ஒன்று ஓடுகிறது. மிஞ்சுவது 25,000, வியாபாரம் கொஞ்சம் படுத்தாலும் தவணை தவறும். காணி உறுதி கையில் இருந்தும் தொகையைக் குறைத்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கடன் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கிளையில் கடன் பழகியவர் பிறகு திறைசேரிக்கு மாறியது உண்டா? இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் டிப்ளோமாவை இப்பவே தொடங்குவதா, அரச வங்கிப் பரீட்சை முடியட்டுமா?