முதல் நாள் துண்டை மறுநாள் வசூலால் மறைப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

தணிக்கையர்:

அனைவருக்கும் வணக்கம். நகரப் பேருந்துப் பணிமனைகளின் வசூல் கணக்கைத் தணிக்கை செய்யப்போகும் புதிய அலுவலர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். நடத்துநர் ஒரு பணியில் விற்ற டிக்கெட்டுகளின் கணக்கைக் காட்டும் தாளான வேபில், வங்கிச் சலான் போன்றவற்றின் பெயர்களை வழக்கில் உள்ளபடியே வைத்துக்கொண்டேன். ஒரு முறைகேட்டுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.

நடத்துநர்கள் கொண்டுவந்து கட்டும் வசூலிலிருந்து காசாளர் ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறார். அந்தக் குறையை மறுநாள் வசூலைக் கொண்டு அடைக்கிறார். மறுநாள் விழும் குறையை அதற்கடுத்த நாள் வசூல் அடைக்கிறது. ஆங்கிலத்தில் இதை லேப்பிங் என்றும், டீமிங் அண்டு லேடிங் என்றும் சொல்கிறார்கள். பணிமனைப் பேச்சில் 'ரொட்டேஷன் விடுகிறார்' என்பார்கள். தலைப்பிலும் அட்டவணையிலும் வைக்கும்படி ஒரு பெயர்ச்சொல்லும், வாக்கியத்தில் ஓடும்படி ஒரு வினையும் வேண்டும்.

மென்பொருள் பொறியாளர்:

'தாமதச் செலுத்தம்' போதுமே ஐயா. பணம் ஒரு நாள் பிந்தி வங்கிக்குப் போகிறது, அவ்வளவுதானே? மேலும், டிக்கெட் இயந்திரம் வந்தபிறகு இது நடக்க வழியில்லை. பணி முடிந்ததும் இயந்திரத்தை இணைத்தால் வசூல் முழுவதும் கணினிக்கு வந்துவிடும். அந்தத் தொகைக்குக் காசாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழைய முறைகேட்டுக்குப் புதிய சொல் தேவையா என்று யோசிக்கிறேன்.

நடத்துநர்:

எங்களிடம் 'குறைப்பணம்' என்ற சொல் இருக்கிறதே, அதையே வைக்கலாம். எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில், ஒரு நாள் வசூலை நான் கட்டவே இல்லை என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்தார்கள். காலைப் பணி முடித்து, மதியம் பணத்தை எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கியிருந்தேன். அந்த ரசீதைக் காட்டிய பிறகுதான் தேடினார்கள். என் வேபில் மறுநாள் கணக்கில் ஏறியிருந்தது. பிடித்த தொகையைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் அது ஏன் மறுநாளுக்குப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. குறை என்றாலே முதலில் நடத்துநரைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் வைக்கும் சொல்லும் எங்கள் தலையில் விழாமல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்:

நடத்துநர் தம்பி சொன்னதை அனைவரும் இன்னொரு முறை படியுங்கள். அவர் சொல்லும் குறைப்பணம் வேறு. டிக்கெட் விற்றதாக வேபில் காட்டும் தொகைக்கும் அவர் கட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த வேபிலிலேயே அது வெளிப்படையாகத் தெரியும். ஆனால் அவருக்கு நேர்ந்தது நாம் பெயர் தேடும் முறைகேடாகவே இருந்திருக்கலாம். மதியம் கட்டிய பணம் மறுநாள் கணக்கில் ஏற நல்ல காரணம் எதுவும் எளிதில் கிடையாது.

பொறியாளர் தம்பிக்கு ஒரு கணக்கு. எண்களை எளிதாக வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை 60 வேபில், மொத்த வசூல் 4,80,000 ரூபாய். காசாளர் 24,000 ரூபாயை எடுத்துக்கொள்கிறார். அன்றைய ரொக்கப் புத்தகத்தில் 57 வேபிலை மட்டும் ஏற்றுகிறார். ஒதுக்கிவைத்த மூன்றின் தொகை சரியாக 24,000. புத்தகத்தில் 4,56,000, வங்கிச் சலானிலும் 4,56,000. இரண்டும் பொருந்துகின்றன.

செவ்வாய்க்கிழமை வசூல் 4,76,000. திங்கள் ஒதுக்கிய மூன்றையும் இப்போது ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நடத்துநர்கள் மீது நிலுவை விழுந்து, அவர்கள் ரசீதோடு வந்து நிற்பார்கள். ஆகவே அவற்றை ஏற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை வேபில்களில் மூன்றை ஒதுக்குகிறார். சரியாக 24,000 வரும் மூன்று வேபில் கிடைப்பது அரிது. கிடைத்தவை 24,300. ஆகவே புத்தகத்தில் 4,75,700, வங்கியிலும் 4,75,700. மீந்த 300 ரூபாயும் அவரிடமே நிற்கிறது. ஒதுக்கியவை குறைவாக வந்திருந்தால் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டியிருந்திருக்கும். ஆகவே பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்குவார்கள். துண்டு நாளுக்கு நாள் மெல்லப் பெருகும்.

இந்த நிலையில் புத்தகத்தையும் சலானையும் ஆண்டு முழுவதும் ஒப்பிட்டாலும் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது. அந்த ஒப்பீட்டை மட்டும் செய்துவிட்டு 'சரி' என்று கையெழுத்திட்ட தணிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். 'தாமதச் செலுத்தம்' என்று பெயர் வைத்தால் படிப்பவர் வங்கித் தேதியைத்தான் பார்ப்பார். இங்கே வங்கிக்குப் போனதில் தாமதமே இல்லை. போகாத பணம் போகவே இல்லை.

மென்பொருள் பொறியாளர்:

விளங்குகிறது ஐயா, 'தாமதச் செலுத்தம்' பொருந்தாது. இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். நாங்கள் செய்துகொடுத்த மென்பொருளில் இயந்திர வசூல் ஏறிய நேரம் தானாகப் பதிவாகும். ஆனால் ரொக்கம் பெற்ற தேதியைக் காசாளர்தான் தட்டச்சு செய்கிறார், அதை மாற்றவும் முடியும். இயந்திரம் பழுதானால் நடத்துநருக்குப் பழைய டிக்கெட் கட்டுகளைக் கொடுக்கிறார்கள். அந்த வேபிலில் உள்ள தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுத்தர் கையால் ஏற்றும்வரை கணினிக்கு அந்தப் பணியின் வசூலே தெரியாது.

ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்:

அதனால்தான் ஒதுக்கப்படும் வேபில்களில் டிக்கெட் கட்டு வேபில்களே அதிகமாக இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

தமிழாசிரியர்:

'சுழற்சி' என்ற திசையில் யோசித்தேன். ரொட்டேஷன் என்ற பேச்சு வழக்குக்கு 'சுழல்மறைப்பு' நெருக்கமாக வருகிறது. ஆனால் சுழல்நிதி என்ற நல்ல பொருளுள்ள சொல் ஏற்கெனவே இருக்கிறது. பணம் சுற்றி வருவதாகவும் தோன்றும். ஐயாவின் கணக்கில் எடுத்த பணம் எங்கும் சுற்றவில்லை. எந்த வேபில் மீது குறை நிற்கிறது என்பதுதான் நாள்தோறும் மாறுகிறது.

பின்னால் வரும் வரவைக் கொண்டு முன்னால் விழுந்த துண்டை மூடுவதால் 'பின்வரவு மறைப்பு' என்று சொல்லலாமா? வினையாக்கினால், 'காசாளர் பின்வரவால் மறைத்தார்'. எதைக் கொண்டு, என்ன செய்தார் என்பது இரண்டு சொற்களில் வந்துவிடுகிறது.

தணிக்கையர்:

எனக்கு இது பிடித்திருக்கிறது அம்மா. ஒரே ஒரு தயக்கம். நிலுவைத் தொகை பின்னால் வந்து சேர்ந்ததையும் 'பின்வரவு' என்று ஒருவர் படிக்கக்கூடும். பணிமனையில் அது நியாயமாகவே நிறைய நடக்கிறது. இரவுப் பேருந்தின் நடத்துநர் மறுநாள் விடியலில்தான் பணம் கட்டுவார். அவருடைய வேபில் தேதியும் ரொக்கத் தேதியும் எப்போதும் வேறுபடும்.

கண்டுபிடிப்பதிலும் இதே சிக்கல்தான். நான் செய்துவருவது இது. வேபில் வழங்கும் பதிவேட்டிலிருந்து வரிசை எண்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணி முடிந்த நேரம், நடத்துநரின் ரசீது நேரம், ரொக்கப் புத்தகத் தேதி மூன்றையும் எதிரெதிரே எழுதுகிறேன். புத்தகத்திலிருந்து தொடங்கினால், ஏற்றாமல் விட்டவை கண்ணில் படவே படா. பிறகு, பணி முடிந்தும் அன்று புத்தகத்தில் ஏறாத வேபில்களின் மொத்தத்தை நாள்வாரியாக எழுதுகிறேன். நேர்மையான பணிமனையில் இந்தத் தொகை ஏறி இறங்கும், இரவுப் பேருந்துகள் மட்டுமே அதில் இருக்கும். முறைகேடு நடக்கும் இடத்தில் காலைப் பணி வேபில்களும் கலந்திருக்கும். அவற்றின் மொத்தம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. ஐயாவின் கணக்கில் அந்த மட்டம் 24,000.

ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்:

மாதக் கடைசியில் மட்டும் இறங்கும், தணிக்கையரே! கணக்கு முடிக்கும் நாளில் ஆள் கடன் வாங்கியாவது அடைத்துவிட்டு, மறுநாளே திரும்ப எடுத்துக்கொள்வார். அன்று வங்கிக்குப் போன தாள்களின் விவரத்தைப் பாருங்கள். நகரப் பேருந்து வசூலில் சில்லறையும் சிறு தாளும் எக்கச்சக்கமாக இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் பெரிய தாள்கள் கூடியிருந்தால் காரணம் கேளுங்கள். இது சான்று ஆகாது, எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும், அவ்வளவே.

சான்று வேண்டுமானால் முன்னறிவிப்பின்றிப் போய் ரொக்கத்தை எண்ண வேண்டும். காலைப் பணி முடிந்து பணம் கட்டும் வேளையில் போங்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே வேபில் பதிவேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் கையில் வாங்கி, கடைசி எண்ணுக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள். பணிமனையில் இரண்டு கவுண்டர் இருந்தால் இரண்டையும், வங்கிக்குப் போகக் கட்டிவைத்த பையையும் ஒரே நேரத்தில் முத்திரையிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே எண்ணி முடித்த பணம் அங்கே போய் நிற்கும்.

நடத்துநர்:

ஐயா, ரசீதின் அடிக்கட்டை காசாளரிடமே இருக்கிறது. அதில் நேரத்தை அவர் மாற்றி எழுதினால்?

ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்:

நல்ல கேள்வி. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கும் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒரு வாரத்துக்கு இருபது நடத்துநர்களிடம் கேட்டாலே போதும். காசாளர் தொட முடியாத தாள் அது ஒன்றுதான். நடத்துநரைச் சந்தேகத்தோடு அழைக்காமல், சாட்சியாக அழைக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதுங்கள்.

தணிக்கையர்:

எழுதுகிறேன் ஐயா. கையேட்டின் முதல் பதிப்பில் 'பின்வரவு மறைப்பு' என்றே வைக்கிறேன். இரவுப் பேருந்துகளின் நியாயமான பிந்திய வரவை 'மறுநாள் வரவு' என்று தனியாகக் குறிக்கிறேன். இரண்டும் குழம்பாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. பணி முடிந்தும் புத்தகத்தில் ஏறாமல் கிடக்கும் வேபில்களின் அந்த நாள்வாரிப் பட்டியலுக்கு என்ன பெயர் வைப்பது? 'நிலுவை வேபில்' என்றால் நடத்துநர் கட்ட வேண்டிய பாக்கி என்று படிப்பார்கள், இவர் அஞ்சியதுபோலவே.

தமிழாசிரியர்:

'ஏறா வேபில்' என்று வையுங்கள். ஏற்ற வேண்டியவர் யார் என்ற கேள்வி காசாளரிடம் போகும்.

மென்பொருள் பொறியாளர்:

'ஏறா' என்பது திரையில் பிழைச் செய்திபோலத் தெரியுமோ என்று பார்க்கிறேன். 'பதியாத வேபில்' எனக்கு எளிதாகப் படுகிறது. பெயர் எதுவானாலும், அந்தப் பட்டியல் தினமும் மாலையில் பணிமனை மேலாளருக்குத் தானாகப் போகும்படி வைக்க முடியும். ரொக்கத் தேதியை மாற்றும் வசதியை எடுத்துவிடும்படியும் கேட்டிருக்கிறேன். பணிமனைகள் அதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. உண்மையாகவே தவறாக ஏறியதைத் திருத்த வழி வேண்டும் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்:

திருத்தம் வேண்டும்தான். திருத்துபவர் காசாளராக இருக்கக் கூடாது. பழைய தேதியை அழிக்காமல், புதிய தேதியை அதன் கீழே காட்டச் சொல்லுங்கள்.