‘சேஃப் வித்ட்ராயல் ரேட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மாலதி:
ஓய்வுக்கால முதலீடு பற்றிய கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும். சேஃப் வித்ட்ராயல் ரேட்டைப் ‘பாதுகாப்பான எடுப்பு வீதம்’ என்றால் உத்தரவாதம் என்று படித்துவிடுவார்கள். ‘தாங்கும் எடுப்பு வீதம்’ எப்படி? சீக்வென்ஸ் ரிஸ்க்குக்கு ‘வரிசை இடர்’ போதுமா?

செல்வம்:
வேலையில் இருக்கும்போதே பி.எஃப். பணம் எடுப்பதுதானே? ‘பகுதி மீட்பு’ என்று போடுங்கள்.

மாலதி:
அது வேறு, செல்வம். ஓய்வுபெற்றபின் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்தால் கடைசிவரை வரும் என்பது இது.

கதிர்:
வரிசையில் என்ன இடர்? நான்கு ஆண்டுகளின் லாப நட்டம் -20, -10, +15, +25 சதவீதம் என்று வையுங்கள். எப்படி அடுக்கினாலும் 100 ரூபாய் 103.50 ஆகிறது. சராசரியைப் பார்த்தால் போதும்.

ராஜகோபால்:
பணத்தைத் தொடாதவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஒரு ஃபண்டில் ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 100 ரூபாயாக இருக்கும்போது ஒரு கோடி ரூபாயைப் போட்டு, ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 5 லட்சம் எடுப்பவரைப் பாருங்கள். முதல் தடவை 5,000 யூனிட் போகும். சரிவு முதலில் வந்தால் என்.ஏ.வி. 80 ஆகிவிடும், அதே 5 லட்சத்துக்கு 6,250 யூனிட் விற்க வேண்டும். 72க்கு இறங்கும்போது ஏறக்குறைய 6,944. விற்ற யூனிட் பின்னால் வரும் ஏற்றத்தில் பங்கு பெறாது. நான்காண்டு முடிவில் கையில் 78.4 லட்சம். வரிசையைத் தலைகீழாக்கினால் 86.6 லட்சம்.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அந்நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து, முதலாண்டு 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்தி எடுத்தால் 30 ஆண்டு தாங்கும் என்று கண்டது இதனால்தான். சராசரியைப் பார்த்திருந்தால் அதைவிட அதிகம் எடுக்கலாம் என்றிருப்பார். அவர் பார்த்தது ஓய்வுபெற மிக மோசமான ஆண்டுகளை. மாலதி, ‘தொடக்கச் சரிவு இடர்’ என்றால் ஆபத்து எங்கே என்று சொல்லிலேயே தெரியும்.

ஜெயந்தி:
அப்பா, ஃபண்டிலிருந்து தவணைதோறும் பணம் எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி. திட்டத்தில் ஆண்டுக்கு 6 சதவீதம் எடுக்கிறார். முழுதும் ஈக்விட்டி ஃபண்ட். நிறுத்தச் சொல்லவா?

ராஜகோபால்:
அவர் வயதும் வேறு வருமானமும் தெரியாமல் அதைச் சொல்ல முடியாதம்மா. இரண்டு மூன்று ஆண்டுச் செலவை எஃப்.டி.யில் வைத்து, சந்தை விழும்போது அதிலிருந்து எடுக்கலாம், யூனிட் தப்பும். சரிவு அதற்கு மேல் நீண்டால் அதுவும் தீரும். ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த ஆண்டுக்கு எடுக்கும் தொகையை மீதித் தொகையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில், இரண்டாம் ஆண்டு முடிவில் 63.9 லட்சம்தான் மிச்சம். 5 லட்சம் என்பது 7.8 சதவீதம். விகிதம் இப்படி ஏறினால் உடனே தொகையைக் குறைக்க வேண்டும்.

மாலதி:
‘சரிவு’ மட்டும் போதாது, ஐயா. அமெரிக்காவில் 1966இல் ஓய்வுபெற்றவர்களைச் சந்தையோடு எழுபதுகளின் விலைவாசியும் சேர்ந்து அடித்தது. எடுக்கும் தொகையே ஆண்டுதோறும் வீங்கியது. ‘தொடக்கக்கால இடர்’ என்றால் இரண்டும் அடங்கும்.

கதிர்:
யூனிட் கணக்கு புரிந்தது. ஆனால் ‘தொடக்கக்கால’ என்றால் முதலீட்டின் தொடக்கம் என்று நினைப்பார்கள். ‘ஓய்வுத் தொடக்க இடர்’?

ராஜகோபால்:
நீளம்தான், பொருள் சரி. ‘தாங்கும் எடுப்பு வீதம்’ எனக்குச் சம்மதம்.