புதுப்பிப்பு: இரவில் வீறிட்டு அலறும் மகன்

"இரண்டரை வயது மகன் தூங்கிய கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அலறுகிறான். காலையில் எதுவும் நினைவில்லை. கெட்ட கனவா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது நேரத்தைத்தான். ஒன்பது மணிக்குத் தூங்குபவன் பத்தரை வாக்கில் அலறுகிறான். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதால் வரும் இரவு அலறல் இது என்றார். கண் திறந்திருக்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கினால் நம்மையே தள்ளிவிடுவான். கெட்ட கனவு பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும். குழந்தை முழுதாக விழித்து, அம்மாவைத் தேடிக் கட்டிக்கொள்ளும்.

'எழுப்பி முகம் கழுவுங்கள்' என்று இங்கே ஒருவர் சொன்னார். அலறும்போது எழுப்பினால் குழப்பம்தான் கூடுகிறது. அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும், தானாக அடங்கிவிடுகிறான். ஆனால் வழக்கமாக அலறும் நேரத்துக்குக் கால் மணி முன்பே லேசாக எழுப்பித் தூங்கவைப்பது பலருக்கு உதவுமாம். அதைத் தொடங்கியிருக்கிறோம்.

மாமியார் திருஷ்டி சுற்றினார். பகல் தூக்கம் கெட்டதுதான் காரணம் என்றும் சொன்னார். அது சரிதான், பகலில் சரியாகத் தூங்காத நாட்களில்தான் அதிகம் வருகிறது.

கை கால் வெட்டி இழுப்பதாகச் சொன்ன தோழி, உங்கள் குழந்தையின் விஷயம் வேறாக இருக்கலாம். வீடியோ எடுத்து உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். என் மகன் குறட்டை விடுவதால், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்ற பரிசோதனை பாக்கி இருக்கிறது.