தேதி சொன்னதும் கிழமை சொல்பவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா?

மேலூர்க்காரன்: குரூப் 4-க்குப் படித்தபோது எங்கள் வகுப்பில் எல்லாரும் மாத எண்களை 0, 3, 3, 6, 1, 4 என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். ஓர் அண்ணன் மட்டும் எந்த அட்டவணையும் இல்லாமல் பட்டென்று கிழமை சொல்லிவிடுவார். அவர் வைத்திருந்தது ஒரே விஷயம்தான்: ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஐந்தும் எந்த வருடத்திலும் ஒரே கிழமையில்தான் வரும். 2025-ல் ஐந்தும் வெள்ளி, காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். வருடத்துக்கான அந்தக் கிழமையை அவர் எப்படிப் பிடித்தார் என்பதைத்தான் கேட்காமல் விட்டுவிட்டேன். இப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

கணக்குவாத்தி: அது கான்வே என்ற கணித மேதையின் டூம்ஸ்டே முறை தம்பி. 1800-களுக்கு வெள்ளி, 1900-களுக்கு புதன், 2000-க்கு மேல் செவ்வாய், இந்த மூன்றும் மனதில் இருந்தால் போதும். என் மாணவர்களுக்கு ராமானுஜன் பிறந்தநாளை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். 1887 டிசம்பர் 22. வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் 87, அதை 4-ஆல் வகுத்தால் 21 (மீதியை விட்டுவிடுங்கள்), கூட்டினால் 108. ஏழால் வகுத்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள், ஆக அந்த வருடம் டிசம்பர் 12 திங்கள். 19-ம் திங்கள், அப்புறம் 22 வியாழன். வாயால் சொல்லிக்கொண்டே போகலாம், பேனா தேவையில்லை.

நெல்லைத்தென்றல்: இவ்வளவு எதற்கு சார்? 28 வருடத்துக்கு ஒருமுறை அதே காலண்டர் அப்படியே திரும்பும். 1887-க்கு 1915 காலண்டரைப் பார்த்தால் முடிந்தது. எங்கள் கடையில் பழைய காலண்டரை எடுத்து வைப்பதே இதற்காகத்தான்.

கணக்குவாத்தி: 1901-லிருந்து 2099 வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1900 லீப் வருடம் இல்லையே, 4-ஆல் வகுபட்டாலும் 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு அது. அதனால் அந்த இடத்தைத் தாண்டினால் ஒரு நாள் பிசகும். 1915 டிசம்பர் 22 புதன்கிழமை, ராமானுஜன் பிறந்ததோ வியாழன்.

பவானி_76: கடிகாரம் பற்றித்தானே பேசுகிறீர்கள்? 7:20-க்கு முள்களின் கோணம் கேட்டால் பெரிய முள் 4-ல், சின்ன முள் 7-ல், இடையில் மூன்று இடைவெளி, அதனால் 90 டிகிரி என்று என் பையன் சொல்கிறான், விடைத்தாளில் 100 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

மேலூர்க்காரன்: இது கிழமைக் கணக்கு அக்கா, இருந்தாலும் சொல்கிறேன். விடைத்தாள் சரி. 20 நிமிடத்தில் சின்ன முள் 7-லேயே நிற்காது, நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் 10 டிகிரி முன்னே போயிருக்கும். 90-உடன் அதைக் கூட்டச் சொல்லுங்கள். பெரிய முள் முன்னால் இருக்கும் நேரமாக இருந்தால், உதாரணமாக 2:40, கூட்டாமல் கழிக்க வேண்டும்.

மலர்விழி: எனக்கு வேறு குழப்பம். அம்மா பிறந்தது 1956 பிப்ரவரி 7. ஜாதகத்தில் திங்கள் என்று எழுதியிருக்கிறது. நான் இந்த முறையில் போட்டால் புதன் வருகிறது. இரண்டு நாள் எப்படித் தள்ளிப்போகும்?

கணக்குவாத்தி: 56-ம் 14-ம் சேர்ந்து 70, மீதி 0, அதனால் வருடத்துக்குப் புதன். இதுவரை சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் பிப்ரவரியில் கடைசி நாளைத்தான் எடுக்க வேண்டும், 1956 லீப் வருடம், ஆகவே 28 அல்ல, 29-தான் புதன். அதிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தால் 8 புதன், 7 செவ்வாய். பரீட்சையில் வேண்டுமென்றே லீப் வருடத்து ஜனவரி, பிப்ரவரி தேதியாகக் கேட்பார்கள், தவறான விடையும் நான்கில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இனி பாக்கி ஒரு நாள்தான். அம்மா எத்தனை மணிக்குப் பிறந்தார்கள்? நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் கிழமை மாறும், நள்ளிரவில் அல்ல. விடியற்காலை 3 மணி என்றால் தேதி 7 ஆகியிருந்தாலும் ஜாதகத்தில் திங்கள் என்றுதான் எழுதுவார்கள்.

மலர்விழி: ஜாதகத்தில் நாழிகைக் கணக்கு இருக்கிறது, அந்த இடம் மை கரைந்து வாசிக்க முடியவில்லை. பாட்டி சொன்னதோ, பொழுது விடிந்து பால்காரர் வந்துபோன பிறகு என்று.

நெல்லைத்தென்றல்: அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதியை ஒரு நாள் மாற்றிக் கொடுத்திருக்கலாம். எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள்தான்.

கணக்குவாத்தி: இருக்கலாம். ஜாதகத்தில் தமிழ்த் தேதி, தை எத்தனையாம் நாள் என்று இருந்தால் 1955-56 பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள் அம்மா. நட்சத்திரமும் சேர்ந்து ஒத்துவந்தால் எது சரி என்று தெரிந்துவிடும்.

மலர்விழி: நட்சத்திரம் தெளிவாக இருக்கிறது சார். அந்த வருடப் பஞ்சாங்கம் யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள்.