வயல் வெள்ளத்தில் நின்ற பெரியப்பாவுக்குக் கெண்டைக்கால் வலியும் காய்ச்சலும்: எங்கள் அனுபவம்

சேலம் மாவட்டத் தலைவாசல் ஊருக்குப் பக்கத்து ஆசிரியர் எழுதியது:

ஐப்பசி மழையில் வசிஷ்ட நதி பெருகி, கரையோரத்து வயல்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. நெற்பயிர் அழுகிவிடும் என்று பெரியப்பா நாள் முழுக்க வரப்பை வெட்டி நீரை வடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விரலிடுக்குகளில் சேற்றுப்புண்ணும் குதிகாலில் பித்தவெடிப்பும் ஏற்கெனவே உண்டு.

பத்து நாள் கழித்து, ஒரு மாலையில் திடீரென நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. தலைவலியைவிட அவர் அதிகம் முறையிட்டது இரண்டு கெண்டைக்கால்களிலும் இருந்த வலியைப் பற்றித்தான். கழிவறைக்கு எழுந்து போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மண்வெட்டி பிடித்து வேலை செய்த அலுப்பு என்று உள்ளூரில் ஒருவர் வலிக்கு ஊசி போட்டார். காய்ச்சல் தணிந்து மறுபடி ஏறியது. நான்காம் நாள் ஆய்வகத்தில் டெங்கு இல்லை என்றும், விடால் சோதனையில் டைபாய்டு இலேசாகக் காட்டுகிறது என்றும், எலிக்காய்ச்சல் சோதனை எதிர்மறை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். டைபாய்டு என்றே நாங்கள் நம்பத் தொடங்கினோம்.

சேலத்தில் அவரைப் பார்த்த மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கேட்டது என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்பதைத்தான். பிறகு கெண்டைக்கால் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் மெதுவாக அழுத்தினார். பெரியப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முழங்காலையும் கணுக்காலையும் மடக்கிப் பார்த்தபோது அவ்வளவு வலி இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதி நன்றாகச் சிவந்திருந்தது, ஆனால் பீளையும் இல்லை, அரிப்பும் இல்லை. இவற்றை வைத்தே எலிக்காய்ச்சலுக்கான மருந்தை அன்றே தொடங்கிவிட்டார். இரத்தத்தில் தட்டணுக்கள் 92,000 ஆகக் குறைந்தும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1 ஆக ஏறியும் இருந்தன. ஐந்தாறு நாள் கழித்து எடுத்த இரண்டாவது இரத்த மாதிரியில்தான் எலிக்காய்ச்சல் சோதனை நேர்மறையாக வந்தது.

முதல் சோதனை ஏன் பொய்த்தது என்று விளக்கமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சங்ககிரி விவசாயி:

தம்பி, எலிக்காய்ச்சல் என்றால் கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும். உங்கள் பெரியப்பாவுக்கு அப்படி இருந்ததாக நீங்கள் எழுதவில்லையே. எலி கடித்தாலோ, எலி வாய் வைத்ததைச் சாப்பிட்டாலோதான் இது வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்பது என் கருத்து.

சேலத்துப் பொது மருத்துவர்:

கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லதுதான், ஐயா. ஆனால் வயல் வேலை செய்பவருக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் வாய் வழியாக நுழைவதில்லை. எலியின் சிறுநீரோடு வெளியேறித் தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் கிடக்கும் அது, சேற்றுப்புண், வெடிப்பு, சிராய்ப்பு, நீரில் ஊறிப் போன தோல் ஆகியவற்றின் வழியாக உள்ளே போகிறது. அடுத்து, மஞ்சள் காமாலை வருவது ஒரு பகுதியினருக்கு மட்டுமே. பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. மஞ்சளுக்காகக் காத்திருப்பவர் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்ட பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்.

ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். வழக்கமாகச் செய்யும் எலிக்காய்ச்சல் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது அளவிடத்தக்க அளவுக்கு வரக் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆகலாம். ஆகவே நான்காம் நாள் எதிர்மறை என்றால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. முதல் வாரத்தில் இரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உதவும், ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. விடால் சோதனை ஒரே முறை இலேசாகக் காட்டுவதை, அதிலும் டைபாய்டு பரவலாக உள்ள நம் பகுதியில், நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கெண்டைக்கால் வலி இந்த நோய்க்கு மட்டும் உரியது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டுகளே அதிகம் வலித்தால் சிக்குன்குனியாவை நினைப்பேன். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு கால்களிலும் சதை அழுத்த வலிப்பது, பீளையில்லாத செங்கண், தேங்கிய நீரில் வேலை செய்த வரலாறு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சோதனை முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டேன்.

ஏற்காட்டுத் தோட்டக்காரரின் மனைவி:

என் கணவருக்கும் சென்ற ஆண்டு இப்படித்தான் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன, ஆனால் அவர் எந்த வெள்ளத்திலும் இறங்கவில்லை. காபிச் செடிகளுக்கு இடையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அதுவும் எலிக்காய்ச்சல்தானே?

சேலத்துப் பொது மருத்துவர்:

இல்லை அம்மா, நீங்கள் சொல்வது உண்ணிக்காய்ச்சலைப் போல இருக்கிறது. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. ஆனால் அந்தப் பொருக்கு எல்லோருக்கும் தெரிவதில்லை. இரண்டு நோய்களையும் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் வேலை செய்யும் டாக்சிசைக்ளினை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு அதுவே காரணம்.

ஆசிரியர்:

பெரியப்பாவுக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் மருத்துவமனையில் சேர்த்து, நாளுக்கு ஒரு முறை செஃப்ட்ரியாக்சோன் என்னும் கிருமிக்கொல்லி ஊசி போட்டார்கள். முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்கினார். மருந்து ஒவ்வாமை என்று பயந்து நாங்கள் அதை நிறுத்தச் சொன்னோம். கிருமிகள் ஒரே நேரத்தில் செத்து உடைவதால் வரும் எதிர்வினை இது, தோல் தடிப்பும் மூச்சுத்திணறலும் இல்லை, சில மணி நேரத்தில் அடங்கும் என்று மருத்துவர் எங்களை அமைதிப்படுத்தினார். அப்படியே நடந்தது. அவருக்குச் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சேலத்துப் பொது மருத்துவர்:

இந்த நோயில் அப்படி நிகழ்வது உண்டு. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்படுவதால் சிறுநீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், பொட்டாசியமும் அதோடு போய்க் குறையும். சிறுநீர் போகிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக்கூடாது. முதல் நாள் போட்ட வலி ஊசியைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. டைக்ளோஃபெனாக் போன்றவை ஏற்கெனவே துன்பப்படும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். காய்ச்சலுக்கு, அளவோடு, பாராசிட்டமால் போதும்.

சங்ககிரி விவசாயி:

மஞ்சள் பற்றி நான் எண்ணியது தவறு என்று ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் நாற்று நடும் காலத்தில் வாரம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் வராமல் தடுக்கலாமா? எங்கள் ஊரில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள்.

சேலத்துப் பொது மருத்துவர்:

பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்த ஆய்வு ஒன்று 1984-ல் வெளியானது. அதில் நல்ல பலன் கிடைத்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை. வெள்ளத்தில் சில வாரங்கள் இறங்கியே ஆக வேண்டியவருக்கு மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கருவுற்ற பெண்களுக்கு அது கூடாது. ஆண்டு முழுக்க வயலில் இருப்பவர் மாத்திரையை நம்புவதைவிட, சேற்றுப்புண்ணை ஆற்றிக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்து இறங்குவதே மேல்.

ஆசிரியர்:

இன்னொரு கேள்வி. எங்கள் மாட்டுக்கொட்டகையின் கழிவுநீர் அந்த வயலில்தான் விழுகிறது. நோய் எலியிடமிருந்து வந்ததா, மாட்டிடமிருந்து வந்ததா?

சேலத்துப் பொது மருத்துவர்:

மாடும் பன்றியும் நாயும் தங்கள் சிறுநீரில் இந்தக் கிருமியை வெளியேற்றக்கூடியவையே. எந்த வகைக் கிருமி என்று ஓரளவு காட்டும் நுண்ணோக்கிச் சோதனை ஒன்று உண்டு. உங்கள் பெரியப்பாவுக்கு அதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆகவே இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழிவுநீரை வேறு பக்கம் திருப்புங்கள். அதைவிட அவசரமான ஒன்று: அவரோடு சேர்ந்து அதே தண்ணீரில் நின்றவர்கள் யார் யார்?

ஆசிரியர்:

பக்கத்து வயல்காரர் ஒருவர். அவருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், ஆனால் கால் வலி இல்லை என்கிறார்.

சேலத்துப் பொது மருத்துவர்:

கால் வலி இல்லாமலும் இது வரும். வெள்ளத்தில் நின்றதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிறுநீரக, கல்லீரல் சோதனைகளையும் தட்டணு எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர்:

இன்று மாலையே அவரை ஆத்தூருக்கு அழைத்துச் செல்கிறேன்.