புதுப்பிப்பு: ஃபோர்க்லிஃப்ட் இடித்த ரேக் தூண்

முன்பு கேட்டது: "இரவு ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து ரேக் தூண் லேசாக வளைந்துள்ளது. மூட்டைகளை இறக்கத்தான் வேண்டுமா?"

இறக்கிவிட்டோம். மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் அரிசி ஆலைக்கு வந்த ரேக் பொருத்துநர், ஒரு மீட்டர் நேர்விளிம்புச் சட்டத்தைத் தூணோடு ஒட்டி வைத்து, வளைவின் இடைவெளியை அளந்தார். ரேக்கின் ஆழவாக்கில் 7 மி.மீ. இருந்தது. "5 மி.மீ. வரை பரவாயில்லை, 10-ஐத் தாண்டினால்தானே ஆபத்து?" என்றார் கிடங்குப் பொறுப்பாளர். அந்தக் கணக்கு உத்திர வாக்கிலான வளைவுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், ஆழவாக்கில் வரம்பு 3 மி.மீ. என்றும், அதன் இருமடங்கைத் தாண்டினாலே உடனடியாகச் சுமையை இறக்க வேண்டும் என்றும் பொருத்துநர் விளக்கினார்.

ஒரு தூண் இருபுறத்து அடுக்குகளையும் தாங்குவதால், இரண்டையுமே மேல்தட்டிலிருந்து கீழ்நோக்கிக் காலி செய்தோம். தன் பழைய ஆலையில் தூணைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தியதாக ஃபிட்டர் அண்ணன் சொன்னார். சூடாக்கிய எஃகு பழைய வலுவோடு இருக்காது என்பதால் நான் சம்மதிக்கவில்லை. புதிய தூண் வரும்வரை அவ்விடத்தைக் கயிறு கட்டி அடைத்திருக்கிறோம்.

காரணம் இன்னும் முடிவாகவில்லை. தரை ஈரத்தில் வண்டி வழுக்கியது என்கிறார் ஓட்டுநர். ஆனால் கீறல், வண்டியின் பின்புற எதிர்எடையின் உயரத்தில், அதன் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியபடி இருக்கிறது. பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி என்பதால், குறுகலாகத் திருப்பியபோது வால்புறம் வீசி இடித்திருக்கும் என்றே நான் கருதி, இரண்டையும் அறிக்கையில் எழுதியுள்ளேன்.