உதவி: திடம், திரவம், வாயு பாட்டில் பிள்ளைகள் வரிகளை மாற்றிப் பாடுகிறார்கள்

செங்காங் அம்மா
சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லித்தருகிறேன். பொருள் நிலை மாறுவதற்கு, மாற்றத்துக்கு ஒரு வரியாக ஒரு பாட்டு எழுதினேன்:

பனிக்கட்டி உருகி நீராச்சு
நீரும் கொதித்து ஆவியாச்சு
வெள்ளைப் புகையாய் மேலே போச்சு
ஆவி குளிர்ந்து நீராச்சு
நீரும் உறைந்து கட்டியாச்சு

மெட்டு ஒட்டிக்கொண்டது. ஆனால் முதல் வரி முடிந்ததும் பாதிப் பேர் நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறார்கள். எங்கே தவறு?

புக்கிட் பாத்தோக் அண்ணன்
எல்லா வரியும் 'ச்சு' என்றே முடிகிறது, அதுதான். எதுகை போட்டுப் பாருங்கள். மற்றபடி பாட்டு சரி. நீர் 100 டிகிரியில் கொதித்தால்தானே ஆவி வரும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்
தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. முதல் வரியும் நான்காம் வரியும் 'நீராச்சு' என்று ஒரே சொல்லில் முடிகின்றன. நான்காம் வரிக்கு அடுத்து 'நீரும் உறைந்து' வருவதால், 'நீராச்சு' என்று கேட்டதும் பிள்ளையின் வாய் அங்கே போய்விடுகிறது. மாற்றத்தின் பெயரை வரியின் தலையில் வையுங்கள். அந்தச் சொல்லுக்கு எதுகையாகவே விளைவும் வரட்டும்.

கொதித்தால்தான் ஆவி என்பது தவறு, தம்பி. நம் புளோக்கில் மூங்கில் கழியில் தொங்கும் துணி 30 டிகிரியில்தான் காய்கிறது. ஈரம் மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்லப் போய்விடும். கொதிக்கும்போது நீரின் உள்ளேயே ஆவி குமிழியாகக் கிளம்பும். இரண்டும் வேறு வேறு, அதனால் இரண்டு வரி வேண்டும்.

வெள்ளைப் புகை வரியை எடுத்தே விடுங்கள் அம்மா. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் கொதிக்கும்போது எட்ட நின்று அதன் மூக்கைப் பாருங்கள். மூக்கை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமே தெரியாது, அதுதான் ஆவி. அதற்கு அப்பால் தெரியும் வெண்மை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். அதாவது உங்கள் மூன்றாம் வரி காட்டுவது வாயுவை இல்லை, திரவத்தை.

கேக் கடை அக்கா
எங்கள் ஐஸ்கிரீம் கேக் பெட்டியில் வைக்கும் உலர்பனிக்கு எந்த வரி? அது நீராகாமல் நேராகப் புகையாகிறதே!

ஓய்வுபெற்ற ஆசிரியர்
அது பதங்கமாதல், அம்மா. உறைந்த கரியமில வாயு, சுமார் −78 டிகிரி. அங்கேயும் நீங்கள் பார்க்கும் புகை அந்த வாயு இல்லை, குளிரில் ஒடுங்கிய காற்றின் ஈரம். வெறுங்கையால் தொடாதீர்கள், இறுக மூடிய டப்பாவிலும் போட்டுவைக்காதீர்கள். தொடக்கநிலை 4க்கு இந்த வரி வேண்டாம் என்பேன்.

கேக் கடை அக்கா
என் மகன் முதலில் கேட்டதே அதைத்தான் ஐயா. ஆறாவது வரியாக இருந்தால் என்ன?

செங்காங் அம்மா
அதை அப்புறம் பார்க்கலாம் அக்கா. நேற்றிரவு உட்கார்ந்து மாற்றி எழுதினேன்:

உருகும் கட்டி, பெருகும் தண்ணீர்
ஆவி ஆகும் ஈரம், தாவிப் போகும் தூரம்
கொதிக்கும் தண்ணீர், குதிக்கும் குமிழி
குளிரும் ஆவி, துளியாய்ச் சேரும்
உறையும் தண்ணீர், குறையும் சூடு

ஓய்வுபெற்ற ஆசிரியர்
குதிக்கும் குமிழி அருமை. 'பெருகும்' மட்டும் உறுத்துகிறது. உருகினால் எடை கூடும் என்று பிள்ளை நினைத்துவிடும். கட்டியை மூடிய பையில் போட்டு, உருகுமுன்னும் பின்னும் நிறுத்தால் எடை ஒன்றுதான். 'அருகே தண்ணீர்' என்றால் எதுகையும் நிற்கும்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்
துணி விஷயத்தில் நான் சொன்னது தவறுதான் ஐயா. ஆனால் 'பெருகும்' இருக்கட்டுமே, பாடச் சுகமாக இருக்கிறது.

செங்காங் அம்மா
'அருகே' என்றே மாற்றி இன்று பாடவைத்தேன். வரி மாறவில்லை! ஆனால் நான்காம் வரியில் ஒரு பையன் நிறுத்தினான். மைலோ பெங் கிளாசின் வெளியே இருக்கும் துளி உள்ளிருந்து கசிந்தது என்று அடித்துச் சொல்கிறான். பாட்டால் அவனை அசைக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
வெள்ளைத் தாளால் கிளாசின் வெளிப்புறத்தை அவனையே துடைக்கச் சொல்லுங்கள். கசிந்திருந்தால் தாளில் பழுப்பு ஏறவேண்டும். பக்கத்தில் ஐஸ் போடாத மைலோவையும் வையுங்கள். அதன் வெளியே துளி ஏன் இல்லை என்று அவனே சொல்லட்டும்.